முதலில் தண்ணீர், பிறகுதான் வண்டி

சித்திரை பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தில் எல்லோரும் பேசும் ஒரே விஷயம் வெயில். கத்திரி தொடங்க இன்னும் நாள் இருக்கும்போதே பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்திலும், காரிமங்கலத்து மாந்தோப்பிலும், நல்லம்பள்ளிப் பக்கத்துச் செங்கல் சூளையிலும் ஆட்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். தொலைக்காட்சியில் "மதியம் 12 முதல் 3 வரை வெளியே வர வேண்டாம்" என்று அறிவிப்பு ஓடுகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் அது யாருக்கு? வெளியே வராவிட்டால் அன்றைய கூலியே இல்லை என்று இருப்பவருக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்?

தடுப்பது எப்படி என்று ஆண்டுதோறும் நிறையப் பேசுகிறார்கள். மோர் குடி, இளநீர் குடி, குடை பிடி... ஒருவர் கண்ணெதிரே விழுந்துவிட்டால் அடுத்த அரைமணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை. உயிர் போவதும் பிழைப்பதும் அந்த அரைமணி நேரத்தில்தான். அதற்கு வேண்டிய மருந்து எந்த மருந்துக் கடையிலும் இல்லை. வேலை நடக்கும் இடத்திலேயே, தொட்டியில், தண்ணீராக இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ஆளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் பல நேரங்களில் உயிரைக் குடித்துவிடுகிறது.

வெப்ப அலை என்று அறிவிக்கும்வரை காத்திருக்கலாமா?

இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு கணக்கு உண்டு. சமவெளிப் பகுதியில் பகல் வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அத்துடன் அந்த நாளுக்கு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அல்லது வெப்பம் நேராக 45 டிகிரியை எட்ட வேண்டும். அப்போதுதான் அது "வெப்ப அலை". ஓர் ஊரில் அந்த வாரத்து வழக்கமான வெப்பம் 37 என்றால் 41.5 வந்தால்தான் வெப்ப அலை. 40 அடித்தாலும் அது கணக்கில் வராது.

வானிலைக்கு இந்தக் கணக்கு சரி. மனித உடம்புக்கு இது பொருந்தாது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. லட்சக்கணக்கானோர் கூடினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலும், நெரிசலும், தண்ணீர் கிடைக்காததும் காரணங்களாகப் பேசப்பட்டன. அது அக்டோபர் மாதம். கத்திரியும் இல்லை, வெப்ப அலை அறிவிப்பும் இல்லை.

வெப்பமானி காட்டுவது நிழலில் உள்ள காற்றின் சூட்டை மட்டும்தான். சூளையருகே கல் அடுக்குபவர் மீது மேலிருந்து வெயில் விழுகிறது, பக்கத்திலிருந்து சூளையின் அனல் அடிக்கிறது, உள்ளேயிருந்து அவருடைய தசைகளே சூட்டை உண்டாக்குகின்றன. கடும் உழைப்பில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே 37 டிகிரி நாளிலும் உழைப்பவரின் உடம்பு உள்ளுக்குள் 41ஐத் தாண்டிவிட முடியும்.

மயக்கமா, வெப்பவாதமா?

வெயிலால் வரும் தொல்லைகள் எல்லாவற்றையும் "வெயில் மயக்கம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவது வழக்கம். அதில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருப்பது அவசியம்.

முதல் நிலை வெப்பத் தளர்ச்சி. தலைவலி, தலைசுற்றல், வாந்தி, கெண்டைக்காலில் குறக்களி, அதிக வியர்வை, கை கால் ஓய்ந்துபோதல். ஆனால் ஆள் தெளிவாக இருப்பார். பெயர் கேட்டால் சொல்வார், என்ன செய்கிறது என்று கேட்டால் விவரமாகப் பதில் வரும். நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடம்பை நனைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்தில் தேறிவிடுவார். அன்றைக்கு அவர் மறுபடி வேலைக்கு இறங்கக் கூடாது.

இரண்டாவது நிலைதான் வெப்பவாதம். ஆங்கிலத்தில் 'ஹீட் ஸ்ட்ரோக்' என்பது. உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கிய நிலை. இதற்கு முக்கிய அடையாளம் பேச்சிலும் நடத்தையிலும் வரும் மாற்றம். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், குளறும் பேச்சு, தள்ளாடும் நடை, காரணமில்லாத கோபம், பிடிக்க வந்தவரைத் தள்ளிவிடுதல், வலிப்பு, நினைவிழத்தல். வெயிலில் உழைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலே வெப்பவாதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இங்கே மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன.

முதலாவது, "வியர்வை ஊத்துது, அதனால ஒண்ணும் ஆகாது" என்பது. வெப்பவாதத்தில் தோல் காய்ந்து போகும் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததன் விளைவு இது. வீட்டில் புழுங்கிக் கிடக்கும் முதியவர்களிடம் தோல் பெரும்பாலும் வறண்டிருக்கும். உழைத்துக்கொண்டிருந்து விழுபவருக்கோ உடம்பு நனைய நனைய வியர்வை இருக்கலாம். வியர்வையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது, நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானியையோ அக்குளில் வைக்கும் வெப்பமானியையோ நம்புவது. வியர்த்த தோலில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். 38 என்று காட்டும்போது உள்ளே 41 இருக்கலாம். சரியாக அளக்க ஆசனவாய் வழியாகத்தான் அளக்க வேண்டும். அது மருத்துவமனையில் செய்கிற காரியம்.

மூன்றாவதுதான் மிகக் கொடுமையானது. "தண்ணி போட்டுட்டு வந்திருக்கான் போல, படுக்க வைங்க, தெளிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போவது. தள்ளாட்டம், குளறல், கோபம்... மூன்றும் போதைக்கும் பொருந்துகின்றன அல்லவா? காலையிலிருந்து பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் பேச்சு மதியம் குளறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெயிலைத்தான்.

ஒரு நாள், ஒரு மாணவன்

இது எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்து பார்க்கலாம். மே மாத விடுமுறை. இரண்டாம் ஆண்டு படிக்கும் பத்தொன்பது வயது மாணவன் ஒருவன், அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு ஆகுமே என்று கட்டட வேலைக்குப் போகிறான். முதல் நாளே கான்கிரீட் தளம் போடும் வேலை. ஏழு மணிக்கு ஒரு டீயோடு தொடங்குகிறான். மிக்சரிலிருந்து கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்ற வேண்டும். அவனுக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, நிறுத்த முடியாது.

பதினொன்றரைக்குத் தலை வலிக்கிறது. அதுவரை கிண்டலடித்துக்கொண்டிருந்தவன் பேச்சைக் குறைத்துவிடுகிறான். பன்னிரண்டே காலுக்கு வாந்தி எடுக்கிறான். "கொஞ்சம் உட்காருடா தம்பி" என்கிறார் மேஸ்திரி. பத்து நிமிடம் உட்காருகிறான். கலவை இறுகிவிடும், தளத்தைப் பாதியில் விட முடியாது என்பதால் தானே எழுந்து போகிறான். பன்னிரண்டே முக்காலுக்குச் சட்டியைத் தவறவிடுகிறான். "என்னடா ஆச்சு?" என்று கேட்டால், "பஸ் போயிடுச்சு" என்கிறான்.

பதினொன்றரை முதல் பன்னிரண்டே கால் வரை அவனுக்கு இருந்தது வெப்பத் தளர்ச்சி. நிழலும் தண்ணீரும் ஓய்வும் போதுமாக இருந்த நேரம் அது. "பஸ் போயிடுச்சு" என்ற அந்த வார்த்தையோடு நிலைமை மாறிவிட்டது. இனி அவன் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கின்றன.

இப்போது இரண்டு வழிகள். முதல் வழி, இரண்டு பேர் நடுவில் அவனை உட்காரவைத்து பைக்கில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது. அரூர், பென்னாகரம் பக்கத்து உள்கிராமம் என்றால் கிளம்பிச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த ஒரு மணி நேரமும் 41 டிகிரிக்கு மேல். போய்ச் சேர்ந்தபின் மருத்துவர்கள் முதலில் செய்யப்போவதும் உடம்பைக் குளிர்விப்பதுதான்.

இரண்டாவது வழி, அதையே இங்கே, இப்போதே செய்வது.

ஏன் இந்த அவசரம்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் சுமார் 11 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அதில் வெப்பவாதம் வந்து விழுபவர்களை அங்கேயே, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே, பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுகிறார்கள். 18 ஆண்டுப் பந்தயங்களில் அப்படி விழுந்த 274 பேரின் விவரங்களை 2015ல் ஆய்வாக வெளியிட்டார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. நிமிடத்துக்கு சராசரியாக 0.22 டிகிரி வீதம் அவர்கள் உடம்பு குளிர்ந்திருந்தது. அதாவது 42 டிகிரியிலிருந்து 39க்கு வர கால் மணி நேரம் போதும்.

விழுந்த அரைமணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கலாம் என்பதுதான் இதன் பாடம். "முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம்" என்று விளையாட்டு மருத்துவத் துறையினர் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஓட்டப்பந்தய வீரருக்குப் பொருந்தும் விதி சித்தாளுக்குப் பொருந்தாமல் போகுமா?

"அமெரிக்காவில் ஐஸ் இருக்கிறது, இங்கே?" என்று கேட்கலாம். ஐஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தண்ணீர் வேலை செய்யும். 20 டிகிரி நீரிலும், 26 டிகிரி நீரிலும்கூட உடம்பு நல்ல வேகத்தில் குளிர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அப்போதே ஏறி வரும் நீர் ஏறக்குறைய இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மொட்டை மாடியில் வெயிலில் நின்ற கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியின் நீரும், வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வரும் நீரும் உடம்பைவிடச் சூடாகவே இருக்கும். கையில் பிடித்துப் பார்த்து, அதை ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு தடை மனதில் இருக்கிறது. "கொதிக்கிற உடம்புல பச்சைத் தண்ணி ஊத்தினா ஜன்னி வந்துடும்" என்ற பயம். ஊரில் பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த 274 பேருக்கும் ஊற்றியது பச்சைத் தண்ணீர்கூட இல்லை, பனிக்கட்டித் தண்ணீர். குளிர்ந்த நீர் பட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும் என்பது உண்மை. அப்படிச் சுருங்கினாலும் நீர் இழுத்துக்கொண்டு போகும் சூடு அதைவிட அதிகம்.

தார்ப்பாயும் தொட்டியும்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் என்னென்ன இருக்கின்றன? செங்கல் நனைக்கவும் சுவருக்கு ஊற்றவும் தண்ணீர்த் தொட்டி அல்லது 200 லிட்டர் பேரல். சிமெண்ட் மூட்டையை மூட தார்ப்பாய். சூளையில் மண் குழைக்கத் தண்ணீர். தோட்டத்தில் பம்ப் செட். மருந்தும் கருவியும் ஏற்கெனவே தயார்! செய்ய வேண்டியது இதுதான்:

1. ஒருவர் 108க்கு அழைக்க வேண்டும். அதே நேரத்தில் மற்றவர்கள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். அழைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

2. ஆளை நிழலுக்குத் தூக்கிச் சென்று, சட்டை, தலைத்துண்டு, செருப்பு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். பெண் தொழிலாளி என்றால் உடையைத் தளர்த்தி, உடையோடேயே நனைக்கலாம். வெட்கத்தாலும் தயக்கத்தாலும் நேரம் போகக் கூடாது.

3. தார்ப்பாயை விரித்து அவரை நடுவில் படுக்கவைத்து, நான்கைந்து பேர் ஓரங்களைத் தூளி மாதிரி தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கழுத்துக்குக் கீழே உடம்பு மூழ்கும் அளவு நீர் நிற்கட்டும். ஐஸ் கிடைத்தால் அதில் போடலாம். நீரைக் கையால் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத நீர் உடம்பை ஒட்டிச் சூடாகிவிடும்.

4. ஒருவருடைய வேலை தலையைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். மூக்கும் வாயும் எப்போதும் நீருக்கு மேலே இருக்க வேண்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் நீரிலிருந்து எடுத்து, 108ல் பேசுபவர் சொல்கிறபடி மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

5. தார்ப்பாய் இல்லையென்றால் நிறுத்தாமல் குடம் குடமாக உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே, அட்டையாலோ முறத்தாலோ வேகமாக விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். இது தார்ப்பாயைவிட மெதுவாகத்தான் குளிர்விக்கும். ஆனாலும் சும்மா கொண்டுபோவதைவிட எவ்வளவோ மேல்.

எப்போது நிறுத்துவது? பேச்சு தெளிந்து பெயரும் ஊரும் சரியாகச் சொன்னால், அல்லது உடம்பு நடுங்கத் தொடங்கினால் நீரிலிருந்து எடுக்கலாம். அளக்க வழியில்லாதபோது பதினைந்து இருபது நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வந்தால் அதிலிருக்கும் பணியாளரிடம் "வெயிலில் வேலை, பேச்சு குளறியது, இத்தனை மணியிலிருந்து குளிர்வித்தோம்" என்று சொல்ல வேண்டும். வழியிலும் ஈரத்துணியும் காற்றும் தொடரட்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தடுமாறும் ஆளின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது; அது நுரையீரலுக்குப் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. கிருமியால் வரும் காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைக் குறைக்கிறது. வெப்பவாதத்தில் மூளை எதையும் உயர்த்தவில்லை, சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. அங்கே மாத்திரைக்கு வேலை இல்லை. அடிபட்டிருக்கும் ஈரலுக்கு அது கூடுதல் சுமை. கிணற்றில் இறக்கக் கூடாது. சிமெண்ட் கலந்த நீர் தோலைப் பொத்துவிடும், அதையும் ஊற்றக் கூடாது.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்லண்ணா, வீட்டுக்குப் போறேன்" என்று அவன் சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். வெந்த தசைகளிலிருந்து கசியும் பொருட்கள் சிறுநீரகத்தை அடைப்பதும், ஈரல் பாதிப்பும் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தெரியவரும். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அது அபாய அறிகுறி.

முதல் வாரம்

அந்த மாணவன் விழுந்தது முதல் நாளில். அது தற்செயல் இல்லை. வேலையிட வெப்ப மரணங்களில் பெரும்பகுதி, ஆள் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடக்கிறது என்கின்றன அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வேண்டும். பழகியபின் வியர்வை சீக்கிரமே, அதிகமாக வரும். அதில் உப்பு குறைவாகப் போகும். ஆகவே புதிய ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வெயில் வேலை, அடுத்தடுத்த நாட்களில் ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுவது என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவரும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும் ஓரளவு புதிய ஆளைப் போலத்தான். விடுமுறையில் வேலைக்குப் போகும் மாணவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. "சின்னப் பையன், தாங்குவான்" என்பது தவறான கணக்கு.

குடிநீரைப் பற்றித் தருமபுரிக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வெயிலில் உழைப்பவர் கால் மணிக்கொரு தரம் ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் ஆகிவிடும். இந்த மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையும் எலும்புக் கோளாறும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கப்பட்டதற்குக் காரணமும் அதுவே. எனவே குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், உடம்பில் ஊற்ற போர் தண்ணீர் என்று பிரித்து வைக்க வேண்டும். ஆள் விழும் நேரத்தில் மட்டும் இந்தப் பிரிவினை தேவையில்லை. உடம்பில் ஊற்றும் நீரால் ஃப்ளோரைடு கெடுதல் ஏதும் வராது.

வியர்வையில் போன உப்புக்கு மோரும் கேழ்வரகுக் கூழும் இங்கே வழிவழியாக உண்டு. அளவாக வேண்டுமென்றால் ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

ஆனால் தண்ணீர் இருந்தும் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஏரி வேலைக்கும் சூளைக்கும் போகும் பெண்கள் ஒதுங்க இடமில்லாததால் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவர் நிழலில் உட்கார்ந்தால் அவர் கூலிதான் குறையும். ஒரு கழிப்பறையும், ஓய்வு நேரத்துக்குக் கூலியும் இல்லாத இடத்தில் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று பலகை வைப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது?

வீட்டில் இருப்பவர்கள்

வெப்பவாதம் வெளியில் போகிறவருக்கு மட்டும் வருவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையின் கீழ் மதியம் முழுவதும் தனியே படுத்திருக்கும் பாட்டிக்கும் வரும். அவர் ஓடியாடி விழப்போவதில்லை; இரண்டு மூன்று நாள் வெயிலில் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போவார். வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, எழுப்பினால் ஆளை மாற்றிச் சொல்வது, தோல் காய்ந்து சுடுவது... "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவது இங்கே நடக்கும் தவறு.

அறைக்குள் 40 டிகிரியை நெருங்கிவிட்டால் மின்விசிறி அனலைத்தான் வீசும். ஆனால் ஈரத்துணியால் உடம்பை நனைத்துவிட்டு அதே விசிறியைப் போட்டால் நிலைமை வேறு. தருமபுரியின் கோடைக் காற்று கடற்கரையைப் போல ஈரமானதில்லை. ஈரம் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். முதியவரைத் தார்ப்பாய்த் தண்ணீரில் தூக்கிப் போடுவது சிரமம், இதயக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்தும்கூட. அவருக்கு இந்த நனைத்து விசிறும் முறையே ஏற்றது. 108 அழைப்பு இங்கேயும் உண்டு.

கூரைக்கு மேலே சுண்ணாம்பு பூசுவதும், தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்புவதும், மேற்கு சன்னலைப் பகலில் மூடி இரவில் திறப்பதும் பணம் அதிகம் கேட்காத வழிகள். ரத்த அழுத்தத்துக்கு "நீர் மாத்திரை" சாப்பிடுபவரும், மனநல மருந்து எடுப்பவரும் வெயிலில் சீக்கிரம் பாதிக்கப்படுவார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கணக்கில் வராத சாவுகள்

2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 டிகிரி வெயில் அடித்தது. அந்த மாதத்து இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது பின்னால் தெரிந்தது. அந்த வெயிலின் பாதிப்பைத் தொடர்ந்துதான் 2013ல் அந்த மாநகராட்சி, தெற்காசியாவிலேயே முதலாவதாக, ஒரு வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. அத்தனை சாவுகளுக்குப் பின்தான் அக்கறை வந்தது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால் சூளையில் விழுந்தவரின் சாவு "மாரடைப்பு" என்று எழுதப்பட்டால் அந்த 4 லட்சம் எப்படி வரும்? விழுந்த நேரம், செய்த வேலை, பேச்சு குளறியது, உடம்பின் சூடு எல்லாம் மருத்துவமனைக் குறிப்பில் ஏற வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் கூட வந்த தொழிலாளிதான்.

நிவாரணத்துக்கு முன்னால் செய்யக்கூடியது இன்னும் மலிவானது. வேலை தொடங்கும் காலையில் மேஸ்திரி மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் போதும். தொட்டி நிழலில் நிரம்பியிருக்கிறதா? தார்ப்பாய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? இன்றைக்குப் புதிதாக வந்தவர் யார், அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்? அந்தப் பக்கத்து ஆள், தம்பியின் பேச்சு குளறுகிறதா என்று காதில் வாங்கிக்கொண்டே இருக்கட்டும். குளறினால், முதலில் தண்ணீர். பிறகுதான் வண்டி.